இருபத்துமூன்று சொல் தலைப்பில் தெருக்கூத்து எங்கே?

கேள்வி: ஐயா, வணக்கம். நான் தமிழ்த்துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். என் முதல் கட்டுரையை ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினேன். "தலைப்பு 12 சொற்களுக்குள் இருக்க வேண்டும், ஆங்கிலத் தலைப்பும் வேண்டும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். என் தலைப்பு இது: "திருவண்ணாமலை மாவட்டம் செய்யாறு வட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் நிகழ்த்தப்பெறும் தெருக்கூத்துகளில் இடம்பெறும் கட்டியங்காரன் பாத்திரத்தின் நகைச்சுவை உரையாடல்கள் வழி வெளிப்படும் சமகாலச் சமூக விமர்சனக் கூறுகள் – ஓர் ஆய்வு". இரண்டு ஆண்டுகளில் 14 இரவுக் கூத்துகளைப் பதிவு செய்தேன். குடிநீர், ரேஷன் கடை, தேர்தல் என்று ஊர்ப் பிரச்சினைகளைக் கட்டியங்காரன் கேலி செய்வதுதான் கட்டுரையின் மையம். எதை வெட்டினாலும் தேடுபவர்களுக்குக் கட்டுரை கிடைக்காமல் போய்விடும் என்று என் நெறியாளர் சொல்கிறார். சின்னத் தலைப்புக்குத்தான் மேற்கோள் அதிகம் கிடைக்கும் என்று நண்பர் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: நண்பர் சொன்னதை முதலில் முடித்துவிடலாம். 2015-ல் ராயல் சொசைட்டி ஓப்பன் சயன்ஸ் இதழில் அப்படி ஓர் ஆய்வு வந்தது உண்மைதான். 2007 முதல் 2013 வரை அதிகம் மேற்கோள் பெற்ற 1,40,000 கட்டுரைகளை எடுத்துப் பார்த்தார்கள். சிறிய தலைப்புள்ள கட்டுரைகளை வெளியிடும் இதழ்கள் ஒரு கட்டுரைக்குச் சராசரியாக அதிக மேற்கோள் பெறுவதாகத் தெரிந்தது. ஆனால் எந்த இதழில் வந்தது என்பதைக் கணக்கில் எடுத்ததும் அந்தத் தொடர்பு பெரிதும் தளர்ந்துவிட்டது. பெரிய இதழ்கள் தலைப்பின் நீளத்துக்கு வரம்பு வைப்பதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். அவர்கள் பார்த்த உலகம் வேறு, தமிழில் எழுதும் நாட்டார் வழக்காற்றியல் கட்டுரையின் உலகம் வேறு. எனவே அதை நம்பித் தலைப்பை வெட்ட வேண்டாம்.

நெறியாளரின் கவலை நியாயமானது. தேடுபவருக்குக் கிடைக்காத கட்டுரையை யாரும் படிக்கப்போவதில்லை. ஆனால் உங்கள் 23 சொல் தலைப்பு தேடுபவருக்குக் கிடைக்குமா என்று ஒருமுறை சோதித்துப் பாருங்கள். பல்கலைக்கழக நூலகத்தில் பட்டியலாக்கப் பிரிவில் இருந்த காலத்திலும், இப்போது ஆய்வுக் கட்டுரைகளைச் செம்மையாக்கும்போதும் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான்: நீண்ட தமிழ்த் தலைப்புகளில் சொற்கள் நிறைய இருக்கின்றன, தேடுசொற்கள் இருப்பதில்லை.

உங்கள் கட்டுரையைத் தேடி வருபவர் பெட்டியில் என்ன தட்டுவார்? "தெருக்கூத்து" என்று தட்டுவார். உங்கள் தலைப்பில் அந்தச் சொல் இல்லை. "தெருக்கூத்துகளில்" என்றுதான் இருக்கிறது. அடுத்து "சமூக விமர்சனம்" என்று தட்டுவார். தலைப்பில் "சமூக விமர்சனக்" என்று இருக்கிறது, "விமர்சனம்" இல்லை. "திருவிழா"வும் இல்லை, "திருவிழாக்களில்" இருக்கிறது. நமக்கு இவையெல்லாம் ஒன்றுதான். ஆனால் இதழின் தளத்தில் இருக்கும் சின்னத் தேடுபெட்டி, கல்லூரி நூலகத்தின் பட்டியல் போன்றவை பெரும்பாலும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்ப்பவை. பெரிய தேடுபொறிகள் விகுதியைக் கழித்துப் பார்க்க ஓரளவு முயலலாம், ஆனால் தலைப்பை அந்த நம்பிக்கையில் வைக்க முடியாது. ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு இந்தச் சிக்கல் அதிகம் இல்லை. அங்கே வேற்றுமை உருபு தனிச்சொல்லாக நிற்கிறது, பெயர்ச்சொல் அப்படியே தப்பிவிடுகிறது. நம் மொழியில் உருபு பெயரோடு ஒட்டி, பெயரின் கடைசி எழுத்தையும் மாற்றிவிடுகிறது.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் தலைப்பைச் சுருக்கும் வேலையில் பாதி இங்கேதான் இருக்கிறது. "தெருக்கூத்துகளில்" என்ற சொல்லின் முன்பாதியில் "தெருக்கூத்து" முழுதாக இருக்கிறது. சொல்லின் பகுதியையும் தேடும் பெட்டியாக இருந்தால் அகப்படும், முழுச்சொல்லாகத் தேடினால் அகப்படாது. நீங்கள் சுருக்குவதாக நினைத்து "தெருக்கூத்தில்" என்று மாற்றினால் நிலைமை இன்னும் மோசமாகும். ஈற்றிலிருந்த குற்றியலுகரம் போய்விட்டது, "து" இருந்த இடத்தில் "தி" வந்துவிட்டது. இப்போது பகுதியாகத் தேடினாலும் அகப்படாது. கட்டியங்காரனுக்கும் இதே கதைதான். "கட்டியங்காரனின்" என்று எழுதிய உடனே "ன்" மேலிருந்த புள்ளி போய் "னி" ஆகிவிடுகிறது. கணினிக்கு அது வேறு எழுத்துத் தொடர்.

ஒற்று மிகுவதையும் மறந்துவிடாதீர்கள். "தெருக்கூத்துக் கட்டியங்காரன்" என்று எழுதினால் இலக்கணப்படி சரி, ஆனால் முதல் சொல் "தெருக்கூத்துக்" ஆகிவிடும். இதற்காக ஒற்றை விட்டுவிடச் சொல்லும் சிலரைப் பார்த்திருக்கிறேன். அதை நான் ஏற்க மாட்டேன். தமிழ்த்துறைக் கட்டுரையின் தலைப்பிலேயே சந்திப்பிழை இருக்கக் கூடாது. அதற்கு அவசியமும் இல்லை. தேடுசொல்லுக்கு அடுத்த சொல் வல்லினத்தில் தொடங்காதபடி வரிசையை மாற்றினால் போதும். "தெருக்கூத்து நகைச்சுவை" என்றால் ஒற்றுக்கு வேலையே இல்லை. அல்லது தேடுசொல்லை முக்காற்புள்ளிக்கு முன்னாலோ தலைப்பின் கடைசியிலோ வைத்துவிடுங்கள். அங்கே அது எந்த உருபும் ஏற்காமல் எழுவாய் வடிவில் நிற்கும்.

ஆகவே முதல் வேலை வெட்டுவது இல்லை. ஒரு தாளில் கட்டுரையின் தேடுசொற்களை அகராதியில் இருக்கும் வடிவில் எழுதுங்கள். நான்கைந்துக்கு மேல் போகாதீர்கள். உங்கள் கட்டுரைக்கு எனக்குத் தோன்றுபவை: தெருக்கூத்து, கட்டியங்காரன், சமூக விமர்சனம், நகைச்சுவை, செய்யாறு. தலைப்பு எப்படி மாறினாலும் இவற்றில் முதல் மூன்றும் உருபு ஏற்காமல் தெரிய வேண்டும் என்பதை விதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது வெட்டலாம். உங்கள் தலைப்பில் நான்கு சொற்கள் பொருள் எதையும் தரவில்லை, மற்ற சொற்களைக் கோக்கும் வேலையை மட்டும் செய்கின்றன. நிகழ்த்தப்பெறும், இடம்பெறும், வெளிப்படும், வழி. கூத்து நிகழ்த்தப்பெறாமல் வேறென்ன? கட்டியங்காரன் கூத்தில் இடம்பெறுவான் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெயரெச்சங்களை அடுக்குவதில் இன்னொரு தொல்லையும் உண்டு. தமிழில் தலைமைச் சொல் கடைசியில்தான் வரும். உங்கள் தலைப்பில் அந்தச் சொல் "கூறுகள்". படிப்பவர் இருபது சொற்களைக் கையில் பிடித்துக்கொண்டே கடைசிவரை வந்து, "கூறுகள்" என்ற ஒன்றும் சொல்லாத சொல்லில் இறங்குகிறார். அதற்குள் தேடல் முடிவுப் பட்டியலில் தலைப்பு பாதியில் வெட்டுப்பட்டிருந்தால், அவர் கண்ணில் பட்டது திருவண்ணாமலை மாவட்டமும் செய்யாறும் மட்டும்தான். கட்டுரை கோயிலைப் பற்றியதா, பாசனத்தைப் பற்றியதா என்றுகூட அவருக்குத் தெரிந்திருக்காது.

"கூறுகள்", "ஓர் ஆய்வு" இரண்டும் போகட்டும். ஆய்விதழில் வருவது ஆய்வுதான். மருத்துவத் துறையில் மட்டும் இதற்கு விலக்கு உண்டு. அங்கே ஒரு கட்டுரை சீரற்ற முறையில் நோயாளிகளைப் பிரித்துச் செய்த சோதனையா, முறைசார் மீளாய்வா என்பதைத் தலைப்பிலேயே சொல்ல வேண்டும் என்று வழிகாட்டு நெறிகள் இருக்கின்றன, ஏனென்றால் படிப்பவர் அதை வைத்தே தேடுகிறார். "ஓர் ஆய்வு" என்று யாரும் எதையும் தேடுவதில்லை.

"பாத்திரத்தின்" போகலாம். கட்டியங்காரன் பாத்திரம்தான் என்பது துறையில் இருப்பவருக்குத் தெரியும். "சமகால" என்பதில் எனக்குச் சற்றுத் தயக்கம் இருந்தது. பாரதக் கதைக்குள் இன்றைய ரேஷன் கடை நுழைவதுதான் உங்கள் கண்டுபிடிப்பின் உயிர். ஆனால் இரண்டு ஆண்டுகளுக்குள் பதிவு செய்த கூத்தில் வரும் சமூக விமர்சனம் சமகாலமாகத்தான் இருக்கும். அந்தச் சொல் இல்லாவிட்டாலும் பொருள் குறையவில்லை, எடுத்துவிடலாம்.

அடுத்தது எல்லை குறிக்கும் சொற்கள், அதாவது மாவட்டம், வட்டாரம், கோயில், திருவிழா. இவற்றை எடுக்கும்போதுதான் கவனம் வேண்டும். நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான்: இந்தச் சொல்லை எடுத்துவிட்டால் தலைப்பு பொய்யாகிவிடுமா? எல்லாவற்றையும் வெட்டி "தெருக்கூத்தில் சமூக விமர்சனம்" என்று வைத்தால் மூன்றே சொல், அழகாகவும் இருக்கும். ஆனால் அது வட தமிழகத்துக் கூத்து மரபு முழுவதையும் ஆராய்ந்ததாகச் சொல்லும் தலைப்பு. நீங்கள் பார்த்தது ஒரு வட்டாரம், 14 இரவுகள், ஒரே பாத்திரம். அந்தத் தலைப்போடு அனுப்பினால் மதிப்பீட்டாளர் கேட்கும் முதல் கேள்வி, "மற்ற வட்டாரங்கள் எங்கே?" என்பதாக இருக்கும். தலைப்பு ஒரு முழு நூலுக்குப் பொருந்துகிறது என்றால், கட்டுரைக்கு அளவுக்கு மீறிச் சுருக்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். ஆகவே செய்யாறும் கட்டியங்காரனும் இருந்தே ஆக வேண்டும்.

மாவட்டம் தேவையில்லை. தமிழ் வாசகருக்குச் செய்யாறு எங்கிருக்கிறது என்று தெரியும். மாவட்டப் பெயர் மாறவும் செய்யும். 1989-க்கு முன்னால் எழுதியிருந்தால் இதே செய்யாற்றுக்கு வட ஆற்காடு மாவட்டம் என்றுதான் போட்டிருப்பீர்கள்.

திரௌபதி அம்மன் திருவிழாதான் கடினமான இடம். உங்கள் 14 இரவுகளும் அந்தத் திருவிழாக்களில்தான் என்றால், அதுவும் ஓர் எல்லைதான். திரௌபதி வழிபாட்டை ஆராய்பவர்களும் உங்கள் கட்டுரையைத் தேடி வரக்கூடும். இருந்தாலும் நான் அதைத் தலைப்பிலிருந்து எடுக்கிறேன். காரணம், உங்கள் வாதம் வழிபாட்டைப் பற்றியது இல்லை. திருவிழா உங்கள் கட்டுரைக்குக் களம், பேசுபொருள் கட்டியங்காரன் சொல்லும் சொல். அதைத் தலைப்பில் வைத்தால் தீமிதி, படுகளம், அர்ச்சுனன் தபசு பற்றிப் படிக்க வருபவர் ஏமாந்து போவார். ஒருவேளை கட்டியங்காரனின் கேலி திருவிழாவின் எந்த நாளில் எந்தக் கூத்து நடக்கிறது என்பதைப் பொறுத்து மாறுகிறது என்று நீங்கள் காட்டியிருந்தால், நான் சொன்னது தவறு. அப்போது திருவிழா தலைப்பில் இருக்க வேண்டும், செய்யாற்றைக் கட்டுரைச் சுருக்கத்துக்கு அனுப்பலாம். இதை உங்களால்தான் முடிவு செய்ய முடியும்.

சரி, இப்போது மீதியைக் கோத்துப் பார்ப்போம். நான் முதலில் எழுதிய வரைவு இது:

"செய்யாறு வட்டாரத் தெருக்கூத்தில் கட்டியங்காரனின் நகைச்சுவையும் சமூக விமர்சனமும்"

ஏழே சொற்கள். படிக்கவும் இயல்பாக இருக்கிறது, மேடையில் அறிவித்தால் நன்றாக ஒலிக்கும். ஆனால் தேடுசொற்களின் தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தெருக்கூத்து இல்லை, கட்டியங்காரன் இல்லை, விமர்சனம் இல்லை. மூன்றும் உருபும் உம்மையும் ஏற்று மறைந்துவிட்டன. நீளத்தை மட்டும் பார்த்துச் சுருக்கினால் இப்படித்தான் ஆகும். இன்னொரு குறையும் இருக்கிறது. "நகைச்சுவையும் சமூக விமர்சனமும்" என்ற உம்மை, இரண்டும் தனித்தனிப் பொருள் என்ற எண்ணத்தைக் கொடுக்கிறது. நீங்கள் சொல்வது நகைச்சுவைக்குள்ளேயே விமர்சனம் இருக்கிறது என்று. ஒரு சொல் மட்டும் கூட்டி, எட்டுச் சொல்லில் இப்படி மாற்றினேன்:

"தெருக்கூத்து நகைச்சுவையில் சமூக விமர்சனம்: செய்யாறு வட்டாரக் கட்டியங்காரன் உரையாடல்கள்"

தெருக்கூத்து முதல் சொல்லாக, ஒற்று மிகாமல், உருபு ஏற்காமல் நிற்கிறது. சமூக விமர்சனம் முக்காற்புள்ளிக்கு முன்னால் முழு வடிவில் இருக்கிறது. கட்டியங்காரனும் அப்படியே. பட்டியலில் பாதி வெட்டுப்பட்டாலும் முன்பாதி கட்டுரையின் வாதத்தைச் சொல்லிவிடும், பின்பாதி எல்லையையும் தரவையும் சொல்கிறது. நகைச்சுவைக்கு மட்டும் "இல்" ஒட்டியிருக்கிறது. அதை ஏற்றுக்கொண்டேன், ஏனென்றால் அந்த உருபுதான் "நகைச்சுவைக்குள்ளே விமர்சனம்" என்ற உறவைச் சொல்கிறது. அதோடு "நகைச்சுவையில்" என்பதில் மூலச்சொல் சிதையாமல் முன்னால் நிற்கிறது. எல்லாச் சொல்லையும் உருபில்லாமல் வைக்கப்போனால் தலைப்பு பெயர்களின் குவியலாகிவிடும். எந்தச் சொல் உருபு ஏற்கலாம், எது ஏற்கக் கூடாது என்பதை நீங்களே தேர்ந்தெடுத்தால் போதும்.

இதற்குப் பிறகு இன்னொரு கேள்வி இருக்கிறது: தேடுபவர் இதே சொல்லைத்தான் தட்டுவாரா? உங்கள் துறையில் இது பெரிய சிக்கல். கட்டியங்காரன் என்று எழுதுபவர்களும் உண்டு, கட்டியக்காரன் என்று எழுதுபவர்களும் உண்டு. தெருக்கூத்து என்ற பெயரையே ஏற்காத கலைஞர்களும் இருக்கிறார்கள். காஞ்சிபுரத்தில் 1990-ல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம், முதன்மைப் பாத்திரங்கள் அணியும் கட்டை அணிகலன்களின் பெயரால் இதைக் கட்டைக்கூத்து என்றே அழைக்கிறது. இதில் தேடல் வசதியை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். நீங்கள் பதிவு செய்த குழுக்கள் தங்கள் கலையை என்ன சொல்லி அழைக்கிறார்கள் என்று உங்கள் பதிவுகளிலேயே இருக்கும். அந்தப் பெயர் தலைப்புக்கு, மற்றது குறிச்சொல்லுக்கு. கட்டியங்காரனுக்கும் அப்படியே. இரு வடிவமும் களத்தில் சமமாக வழங்கினால், கூகுள் ஸ்காலரில் இப்படித் தட்டி, தலைப்பில் எந்த வடிவம் அதிகம் வந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்:

```
allintitle: கட்டியங்காரன்
allintitle: கட்டியக்காரன்
```

`allintitle:` என்று போட்டால் தலைப்பில் அந்தச் சொல் உள்ள கட்டுரைகள் மட்டும் வரும். பொதுவாகத் தேடி வரும் எண்ணிக்கையை நம்பாதீர்கள், அதில் எங்கோ ஒரு மூலையில் அந்தச் சொல் வந்த கட்டுரைகளும் சேர்ந்திருக்கும். முடிவு ஒன்றிரண்டுதான் வந்தாலும் பரவாயில்லை. அந்த ஒன்றிரண்டு பேர்தான் உங்கள் கட்டுரையைத் தேடப்போகிறவர்கள்.

குறிச்சொற்கள் பகுதியைப் பலர் தலைப்பையே துண்டு துண்டாக நறுக்கிப் போட்டு வீணாக்குகிறார்கள். தலைப்பில் இருக்கும் சொல் எப்படியும் தேடலில் வரும். குறிச்சொல்லில் முதன்மைச் சொல் ஒன்றை மட்டும் திரும்ப எழுதிவிட்டு, மீதி இடத்தைத் தலைப்பில் இடமில்லாமல் போனவற்றுக்கும் மாற்று வடிவங்களுக்கும் கொடுங்கள். உங்களுக்கு நான் போடும் பட்டியல்: தெருக்கூத்து, கட்டைக்கூத்து, கட்டியக்காரன், நகைச்சுவை, திரௌபதி அம்மன் திருவிழா, திருவண்ணாமலை மாவட்டம்.

சுருக்கத்தின் முதல் வாக்கியம் உங்கள் பழைய தலைப்பின் வேலையைச் செய்யட்டும். "திருவண்ணாமலை மாவட்டம் செய்யாறு வட்டாரத்தில் திரௌபதி அம்மன் திருவிழாக்களையொட்டி நடந்த 14 இரவுக் கூத்துகளில் கட்டியங்காரன் பேசிய நகைச்சுவை உரையாடல்களை இக்கட்டுரை ஆராய்கிறது" என்று எழுதுங்கள். நெறியாளரிடம் போகும்போது புதிய தலைப்பை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். பழைய தலைப்பை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே அது இப்போது எங்கே இருக்கிறது என்று குறித்துக் கொடுங்கள். மாவட்டம் குறிச்சொல்லில், கோயில் திருவிழா சுருக்கத்தில், இப்படி. எதுவும் தொலைந்துபோகவில்லை என்று கண்ணால் பார்த்தால் அவர் மறுக்க மாட்டார் என்று நினைக்கிறேன். ஆய்வேட்டுக்குப் பதிவு செய்த தலைப்பு அப்படியே இருக்கட்டும். அதை மாற்றுவதற்குப் பல்கலைக்கழக அனுமதி வேண்டும். கட்டுரைத் தலைப்புக்கு அந்தக் கட்டு இல்லை.

ஆங்கிலத் தலைப்புக்கு வருவோம். தமிழ்த் தலைப்பைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்க்க வேண்டாம், தேடுபவர் வேறு ஆள். செய்யாறு எங்கிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது, எனவே மாநிலத்தின் பெயர் வேண்டும். கூத்தின் பெயரை ரோமன் எழுத்தில் எப்படி எழுதுவது என்பதையும் தீர்மானிக்க வேண்டும். ஆய்வுலகில் `Terukkuttu` என்ற வடிவம் நிலைத்திருக்கிறது. ரிச்சர்ட் ஃபிராஸ்கா 1990-ல் வெளியிட்ட நூலின் துணைத்தலைப்பிலும் அப்படித்தான் இருக்கிறது. செய்திகளிலும் பொதுத் தளங்களிலும் `Therukoothu` என்பது பரவலாக வழங்குகிறது. முதலாவது தலைப்புக்கு, இரண்டாவது ஆங்கிலக் குறிச்சொல்லுக்கு. நெடில் காட்டும் மேற்கோடுகளைத் தலைப்பில் போட வேண்டாம், தேடுபவர் யாரும் அவற்றைத் தட்டுவதில்லை. கட்டுரைக்குள்ளே தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

```
Social Criticism in Terukkuttu Humour:
Kattiyankaran Dialogues from Cheyyar, Tamil Nadu
```

பதினொரு சொற்கள், வரம்புக்குள் இருக்கிறது.

இவ்வளவும் செய்தபின் எல்லாம் வீணாகிப்போகும் ஓர் இடம் இருக்கிறது. எனக்கே நடந்தது என்பதால் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆய்விதழில் என் கட்டுரை வந்தது. தலைப்பைப் பார்த்துப் பார்த்து வைத்திருந்தேன். அச்சில் அழகாக இருந்தது, பிடிஎஃப் கோப்பும் இணையத்தில் ஏறியது. ஆனால் எப்படித் தேடியும் கட்டுரை கிடைக்கவில்லை. ஒருநாள் அந்தக் கோப்பிலிருந்து தலைப்பை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டியபோதுதான் காரணம் புரிந்தது. இதழைப் பாமினி எழுத்துருவில் கோத்திருந்தார்கள். பாமினியில் "தமிழ்" என்று தெரிவது கோப்புக்குள் `jkpo;` என்றுதான் இருக்கும். கண்ணுக்குத் தமிழாகவும் கணினிக்கு அர்த்தமில்லாத ரோமன் எழுத்துகளாகவும் என் தலைப்பு பல ஆண்டுகள் கிடந்திருக்கிறது.

ஆகவே மெய்ப்பு வந்ததும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். பிடிஎஃப் கோப்பிலிருந்து தலைப்பை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். தமிழாகவே வந்தால் நல்லது. யூனிகோடில் கோத்த கோப்பிலும் சில நேரம் "கெ", "கை" போன்ற எழுத்துகளின் கொம்பும் இணைக்கொம்பும் இடம் மாறி வரும். அப்போது ஆசிரியரிடம் சொல்லி, கட்டுரையின் இணையப் பக்கத்திலாவது தலைப்பு சரியான யூனிகோடில் இருக்கும்படி கேளுங்கள். கூகுள் ஸ்காலர் தலைப்பை அந்தப் பக்கத்தின் இந்த வரியிலிருந்து எடுக்க முடியும்:

```html
<meta name="citation_title" content="தெருக்கூத்து நகைச்சுவையில் சமூக விமர்சனம்: செய்யாறு வட்டாரக் கட்டியங்காரன் உரையாடல்கள்">
```

கட்டுரை வெளியானதும் உலாவியில் அந்தப் பக்கத்தின் மூலநிரலைத் திறந்து `citation_title` என்று தேடினால் இந்த வரி தெரியும். அங்கே தலைப்பு அரைகுறையாகவோ, ஆங்கிலத் தலைப்பு மட்டுமோ இருந்தால் உடனே எழுதிக் கேளுங்கள். வெளியான முதல் வாரத்தில் திருத்துவது எளிது, ஓராண்டு கழித்து யாரும் தொட மாட்டார்கள்.

கடைசியாக ஒன்று, உங்கள் குறிச்சொல்லில் "திரௌபதி" இருப்பதால். இதில் வரும் ஔகாரத்தைச் சிலர் ஒற்றைக் குறியாகத் தட்டுவார்கள், சிலர் ஒற்றைக் கொம்பு போட்டுப் பக்கத்தில் "ள" எழுத்தைத் தட்டிவிடுவார்கள். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், தேடலில் இரண்டும் வேறு வேறு சொற்கள். உங்கள் கோப்பில் "ரௌ"வுக்குப் பின்னால் குறியை வைத்து, பின்னழிப்பு விசையை ஒருமுறை அழுத்துங்கள். "ரெ" மீதி நின்றால் நீங்கள் தட்டியிருப்பது "ள". மீதியுள்ள "ரெ"யையும் அழித்துவிட்டு "ரௌ"வை ஔகாரக் குறியோடு திரும்பத் தட்டுங்கள், அப்புறம் கட்டுரையை அனுப்புங்கள்.